என் மகள் ஏழாம் வகுப்பையே மீண்டும் படிக்க அனுமதி வேண்டி

12.05.2025

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்த கயல்விழியின் அம்மா எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. அவள் நிலைமையைப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனாலும் அவளை இந்த ஆண்டும் ஏழாம் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆகஸ்டில் அவளுக்குக் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் கால், அப்புறம் கை என்று பலம் போய்விட்டது. 23 நாள் மருத்துவமனை, பிறகு மாதக்கணக்கில் வீடு. பிப்ரவரியில் திரும்பி வந்தவள் ஆண்டு முடியும்வரை 41 நாள்தான் வந்தாள், அதிலும் பாதி நாள் மதியத்தோடு சரி.

கணக்கு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். நூற்றுக்கு 31. மதிப்பெண் குறைந்ததற்காக நான் கவலைப்படவில்லை. ஜூன், ஜூலையில் நடத்திய பாடங்களில் அவள் தொட்டவை எல்லாமே சரி. இயற்கணிதம் தொடங்கியதிலிருந்து வெற்றுத்தாள். புரியாமல் விட்டதில்லை, அந்தப் பாடம் நடந்தபோது அவளால் பென்சில் பிடிக்கவே முடியவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு அதன் மேல்தான் எழும்புகிறது. விடுமுறையில் டியூஷன் வைத்துச் சரிக்கட்டலாமே என்று வகுப்பாசிரியர் அன்போடு சொன்னார். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி போகிறது. அது முடிந்து வந்தால் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாள். இன்னும் சில மாதம் சோர்வு இருக்கும் என்று மருத்துவரும் எழுதித் தந்திருக்கிறார், கடிதத்தை இணைத்துள்ளேன்.

உறவினர்கள் "ஒரு வருஷம் வீணாகுமே" என்கிறார்கள். விட்ட பாடத்தைத் துரத்திக்கொண்டே எட்டாவதைக் கழித்தால் இரண்டு வருடம் வீணாகும் என்பது என் கணக்கு. கயலிடமும் கேட்டேன். தோழிகளை விட்டு வரவேண்டுமே என்று இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அவளே, "மெதுவா எழுதினா அங்க யாரும் காத்திருக்க மாட்டாங்கம்மா, நான் ஏழாவதே படிக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம்.

இரண்டு வேண்டுகோள். அவள் தம்பி இந்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வருகிறான். இருவரையும் ஒரே பிரிவில் போட வேண்டாம். வீட்டில் நடக்கும் சண்டையே எனக்குப் போதும். இன்னொன்று, பதிவேட்டிலும் பின்னாளில் மாற்றுச் சான்றிதழிலும் 'தேர்ச்சி பெறவில்லை' என்று வந்துவிடக் கூடாது. 'மருத்துவக் காரணத்தால் பெற்றோர் விருப்பப்படி அதே வகுப்பில் தொடர்ந்தார்' என்று குறிக்க வேண்டுகிறேன். இது எங்கள் சொந்த முடிவு, பிறகு மாற்றிக் கேட்கமாட்டோம் என்று நானும் அவள் அப்பாவும் தனித்தாளில் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறோம்.

நேரில் பேச வேண்டுமென்றால் எந்த நாள் காலையிலும் வருகிறேன். பாடப்புத்தகம் வாங்க வேண்டியதில்லை, பழையதே புதிதாக இருக்கிறது.

இப்படிக்கு,
கயல்விழியின் அம்மா

இணைப்பு: மருத்துவர் கடிதம், மருத்துவமனைச் சுருக்கம், பெற்றோர் ஒப்புதல்