நசுங்கிய டின்

எங்கள் பாட்டியின் ஊறுகாய்க்கு எழுதி வைத்த குறிப்பு எதுவும் கிடையாது. ஒரு டின் இருக்கிறது, அவ்வளவுதான்.

டின் பால் வந்த டின். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வெறுமனே 'பால்' என்றால் ரப்பர் மரத்துப் பால். தேத்தண்ணியில் ஊற்றுவது டின் பால். உள்ளே இருந்ததை வழித்துக் கலக்கிக் குடித்த பிறகு, அந்த டின்தான் அரிசிக்கு அளவு, சீனிக்கு அளவு, பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுக்கவும் அளவு. எங்கள் வீட்டில் உப்புக்கும் அதுவே.

பாட்டி பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூணாவது லயத்தில் இருந்தவர். ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பாட்டிக்கு இன்னும் ஆகவில்லை. பஸ்ஸில் ஏறினாலும் பழைய பேரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்பார். கொடுப்பவருக்கும் புரிந்துவிடும்.

விடியும் முன்பே எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக வடியாது. அதனால்தான் அந்த அவசரம். வெட்டி முடித்து, மங்கில் பால் சேரும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தால் நேற்று வடித்த சோறும் ஒரு துண்டு ஊறுகாயும் இருக்கும்.

"கையில பால் நாத்தம் போவாது ஆயி. எத்தன தடவ கழுவினாலும் போவாது. அந்த நாத்தத்தையும் தாண்டி மணக்கணும். இல்லன்னா சோறு எறங்காது."

பாட்டி எதிர்பார்த்தது அதுதான். லயத்தின் பின்பக்கம் வேலியோரம் லிமாவ் கஸ்தூரி காய்த்துக் கிடந்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, தோல் மெல்லிசு, வாசனை ஊரைக் கூட்டும். ஊரிலிருந்து வந்த கொள்ளுப்பாட்டி எலுமிச்சையில் போட்டதை இவர் கஸ்தூரியில் போட்டார். காரத்துக்குச் சிலி பாடி. மற்றதெல்லாம் பழையபடி வெந்தயம், பெருங்காயம், மஞ்சள், நல்லெண்ணெய்.

காயை ஈரம் போகத் துடைத்து, இரண்டாக வெட்டி, விதையை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். விதை கிடந்தால் கசக்கும். இந்த ஊசி வேலைக்குத்தான் எங்களைப் பிடித்து உட்கார வைப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான். இயந்திரம் தேடிப் பார்த்தோம், கஸ்தூரிக்குத் தோதாக ஒன்றும் அகப்படவில்லை. பெரியம்மாவின் கண்ணாடிதான் மாறியிருக்கிறது.

120 காய்க்கு ஒரு டின் உப்பு. ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, காலை வெயிலில் வைத்து, மத்தியானம் மழை இருட்டும் முன் உள்ளே தூக்கிவிட வேண்டும். இப்படி 21 நாள், தினமும் ஒரு குலுக்கல். உப்பு காயின் சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாற்றிலேயே தோல் ஊறி மெத்தென்று ஆகும். அதற்குப் பிறகுதான் பொடியும் எண்ணெயும். எண்ணெயைக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும். மேலே ஒரு விரல் நிற்கணும்.

மூன்று வருஷத்துக்கு முன் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, நானும் அம்மாவும் வியாபாரத்தில் இறங்கினோம். முதல் தடவை 40 போத்தல். கடையில் புது டின் வாங்கி, அதே மாதிரி அளந்து, தராசிலும் வைத்துக் குறித்துக்கொண்டேன். 360 கிராம். தொழில் என்றால் கணக்கு வேண்டாமா?

21 நாள் கழித்துத் திறந்தோம். வாசனை அதே வாசனை. வாயில் வைத்தால் உப்பு.

ஷா ஆலமில் கூட வேலை செய்தவர்கள் பாவம், "நல்லா இருக்கு, கொஞ்சம் உப்பு தூக்கல்" என்றார்கள். சித்தப்பா மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "போர்ட் கிள்ளான்ல முக்கி எடுத்தியா?" என்றார்.

மறுபடி போட்டேன். மறுபடியும் உப்பு. பாட்டியையே பக்கத்தில் உட்கார வைத்துப் போடச் சொன்னேன். அவர் தன் டின்னை எடுத்து வந்தார். எடுத்தவுடனே கவனித்தேன், ஒரு பக்கம் உள்ளே குழிந்து கிடந்தது. அதில் உப்பை நிரப்பித் தராசில் கொட்டினேன். 300 கிராம்.

"இது எப்ப பாட்டி நசுங்கிச்சு?"

"லயத்த விட்டு வந்தோமே, அன்னிக்கு."

1994. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், எல்லாரும் காலி பண்ண வேண்டும். வாடகை லாரியில் சாமான் ஏற்றியபோது அம்மிக் குழவி உருண்டு டின் மேல் விழுந்ததாம். தூக்கிப் போட மனசில்லாமல் கொண்டுவந்துவிட்டார்.

"அப்ப அதுக்கு முந்தி ஊறுகாயில உப்பு ஜாஸ்தியா இருந்துச்சா?"

பாட்டி பதில் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்த தாத்தா பேப்பரைக் கீழே இறக்கினார்.

"முப்பது வருஷம் சொன்னேன். உப்பு, உப்புன்னு. யாரு கேட்டா? குழவி சொன்னாத்தான் கேக்குறா."

நான் பிறந்ததே லயத்தை விட்டு வந்த பிறகுதான். எனக்குத் தெரிந்த பாட்டி ருசி, நசுங்கிய டின்னின் ருசி. பாட்டி மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு வெயில் அதிகம், வேர்வை போன உடம்புக்கு அந்த உப்புதான் சரி என்கிறார். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. நிரையில் நின்றவருக்கு வேண்டிய உப்பு வேறு, ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வேண்டியது வேறு.

சரி, கடைசியில் பதம் எங்கே நின்றது? 300 கிராமில். தாத்தா ஜெயித்தார்.

எங்கள் போத்தலில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து 'அச்சுல கோளாறா, டின் கோணலா இருக்கே' என்று இரண்டு பேர் தகவல் அனுப்பினார்கள். கோளாறு இல்லை. அதுதான் அந்த டின்.

மூணாவது லயம் கஸ்தூரி ஊறுகாய். 250 கிராம் போத்தல் 14 வெள்ளி. செயற்கை நிறம் கிடையாது, வினிகர் கிடையாது. தயிர்ச் சோற்றுக்கும் கஞ்சிக்கும் எழுதி வைத்த ஜோடி. நாசி லெமாக் பக்கத்தில் வைத்துச் சாப்பிடும் ஒரு மலாய்க்கார அக்கா மாதம் இரண்டு போத்தல் வாங்குகிறார், அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

வீட்டில் ஒரே நேரத்தில் எட்டு ஜாடிதான் வெயிலில் வைக்க இடம் இருக்கிறது. அதனால் தீபாவளிக்கு 96 போத்தல், அதற்கு மேல் முடியாது. வேண்டியவர்கள் இந்தப் பக்கத்திலேயே பேரும் ஊரும் எழுதித் தகவல் அனுப்புங்கள். தபாலில் அனுப்பி வைக்கிறோம். பெஸ்தாரி ஜெயாவில் இருப்பவர்கள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வந்தால் தேத்தண்ணியும் உண்டு, டின் பால் ஊற்றித்தான்.

மழை விடாமல் பெய்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போகும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், போத்தலுக்குள் ஈரக் கரண்டி போடாதீர்கள். போட்டுவிட்டுப் பூசணம் பிடித்தது என்று புகார் அனுப்பினால், அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை, பதில் சொல்வது அவர் வேலை.