சிற்பத்துக்குப் போற காசு வெட்டிச் செலவு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, நகர சதுக்கத்துல வைக்கப்போற சிற்பத்துக்கு எதுக்கு மக்கள் வரிப்பணம், அந்தக் காசுல சாக்கடைய சரி பண்ணலாமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். சாக்கடை விஷயத்துல அவர் கோபம் நூத்துக்கு நூறு நியாயம். ஆனா சிற்பத்தை நிறுத்திட்டா அந்தக் காசு சாக்கடைக்கு வந்துடும்னு அவர் நினைக்கிறாரே, அது நடக்காதுங்க. இது சதுக்கத்தைப் புதுப்பிக்கன்னே ஒதுக்கின பணம், அதுல நூத்துல ஒரு பங்குதான் சிற்பத்துக்கு, அதை எடுத்தா இன்னும் கொஞ்சம் கிரானைட் போடுவாங்க, அவ்வளவுதான். இந்த ஒரு சதவீதக் கணக்கும் புதுசு இல்ல, அமெரிக்காவுல பிலடெல்பியா நகரம் 1959லயே அரசு கட்டடச் செலவுல ஒரு சதவீதம் வரைக்கும் கலைக்குன்னு சட்டமே போட்டுச்சு.

"பாத்தா ஒண்ணுமே புரியல"ன்னும் எழுதியிருந்தார். அதே அமெரிக்காவுல கிராண்ட் ராப்பிட்ஸ்னு ஒரு ஊர்ல 1969ல அலெக்சாண்டர் கால்டர் செஞ்ச பெரிய சிவப்பு இரும்புச் சிற்பத்தை வச்சப்பவும் இதே பேச்சுதான், அதுலயும் அரசாங்கப் பணம் இருந்துச்சு, பாதிப் பேர் திட்டித் தீத்தாங்க. இன்னைக்கு அந்த ஊரோட சின்னமே அதுதான், குப்பை லாரி மேல கூட அந்தப் படம்தான் இருக்கு. அந்த இடத்தையே ஜனங்க கால்டர் பிளாசான்னுதான் சொல்றாங்க.

எல்லாமே இப்படி நல்லா முடியும்னு நான் சொல்ல வரல. நியூயார்க்ல ரிச்சர்ட் செர்ரான்னு ஒரு சிற்பியோட டில்டட் ஆர்க்ங்கற சிற்பம் 1981ல வந்துச்சு, நடந்து போற வழிய மறிச்சுக்கிட்டு நின்ன நீளமான இரும்புச் சுவர், பக்கத்து ஆபீஸ்ல வேலை பாத்தவங்க எதிர்த்து 1989ல பிரிச்சு எடுத்துட்டாங்க. அங்க தினமும் நடக்கறவங்கள முதல்லயே கேட்டிருந்தா அந்தச் செலவும் சண்டையும் மிச்சம். அதனால நம்ம நகராட்சிகிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம்: மாடலை டெண்டருக்கு முன்னாடியே சதுக்கத்துல வச்சு எல்லாருக்கும் காட்டணும், அப்புறம் பராமரிப்புக்குன்னு தனியா பணம் ஒதுக்கணும். துரு புடிச்சு போஸ்டர் ஒட்டிக் கிடக்கப்போகுதுன்னா வைக்கவே வேணாம், இதுல நானும் அவர் கட்சிதான்.

ஆர்ட் கேலரிக்குள்ள போக கூச்சப்படுற ஜனம் எவ்வளவு பேர் இருக்காங்க! டிக்கெட் இல்லாம, செருப்பைக் கழட்டாம, பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல அவங்க பாக்க ஒரு நல்ல வேலைப்பாடு இருந்தா என்ன தப்பு? அதுவும் தலைவர் சிலை இல்ல, மாலை போடவும் கூண்டு கட்டவும் தேவையே வராது, பசங்க ஏறி விளையாடலாம்.

அடுத்த மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. லெட்டர் எழுதினவரும் வரட்டும், சாக்கடை பத்தி அவர் மனு குடுத்தா முதல் கையெழுத்து நான் போடறேன்.

இப்படிக்கு,
தினமும் சதுக்கம் வழியா வேலைக்குப் போற ஒரு வாசகி