‘டைலர் தேவை’ போர்டுக்குக் கீழே ஒரு பி.ஈ.: அனோமியும் கொங்கு இளைஞர்களும்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், நாலு கேட்டுக்கு ஒரு கேட்டில் ‘சிங்கர், ஓவர்லாக் டைலர் தேவை, செக்கிங்குக்கு ஆள் தேவை’ என்று போர்டு தொங்கும். அதே பஸ்ஸில் மெக்கானிக்கல் முடித்த என் பெரியம்மா பையன் மடியில் குரூப் 4 நோட்டோடு கோச்சிங்குக்குப் போய்க்கொண்டிருப்பான், இது மூன்றாவது வருஷம். வேலை இருக்கிறது, ஆளும் இருக்கிறான், இரண்டும் ஒட்டவில்லை. இதை ‘சோம்பேறித்தனம்’ என்று ஊரில் சொல்வார்கள். சமூகவியலில் இதற்குப் பொருந்தும் சொல் அனோமி, தமிழில் நெறியின்மை என்கிறோம்.

கிரேக்கத்தில் ‘நோமோஸ்’ என்றால் சட்டம், வழக்கம். அது இல்லாத நிலைதான் அனோமி. இந்தச் சொல்லைச் சமூகவியலுக்குள் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம். 1893-ல் உழைப்புப் பிரிவினை பற்றி எழுதும்போது, தொழில்கள் வேகமாகப் பிரிந்து வளர்ந்தும் அவற்றை இணைக்கும் விதிகள் உருவாகாமல் போவதை இப்படிச் சொன்னார். 1897-ல் தற்கொலை பற்றிய நூலில் அதையே மனுஷனின் ஆசைப் பக்கம் திருப்பினார். ஆசைக்குத் தானாக எல்லை கிடையாது, ‘உன் நிலையில் இவ்வளவு எதிர்பார்க்கலாம்’ என்று சமூகம்தான் ஒரு கோடு போடுகிறது, அந்தக் கோடு அழிந்தால் எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்பது அவர் வாதம். இதில் எனக்குப் பிடித்த இடம், பொருளாதாரம் விழும்போது மட்டுமல்ல, திடீரென்று செழிக்கும்போதும் தற்கொலை கூடுகிறது என்று அவர் காட்டியது. அப்படியானால் பிரச்சினை வறுமை மட்டும் இல்லை, அளவுகோல் உடைவதும்தான்.

கொங்கு நாட்டில் உடைந்த அளவுகோல் எது? ஒரு தலைமுறைக்கு முன்னால் தறிக்குடோனிலோ பனியன் கம்பெனியிலோ கைமடிப்பு உதவியாளாகச் சேர்ந்த பையன், டைலராகி, நாலு மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, சொந்த யூனிட் வைப்பான் என்ற ஏணியை எல்லோரும் நம்பினார்கள். எல்லோரும் ஏறவில்லை, அது வேறு விஷயம், ஆனால் அடுத்த படி எது என்று தெரிந்திருந்தது. அப்புறம் திரும்பின பக்கமெல்லாம் இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்த அப்பா, ‘நீ மெஷின்ல உக்காரவா படிச்ச?’ என்று கேட்கிறார். பழைய ஏணி கௌரவக் குறைச்சலாகிவிட்டது, புது ஏணியில் முதல் படியே காணோம். பெண் பார்க்கப் போனால் ‘பையன் எங்கீங்க வேலையில இருக்காரு?’ என்பதுதான் முதல் கேள்வி, பதில் இல்லையென்றால் பேச்சு காபியோடு முடிந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938-ல் இதை வேறு மாதிரி எழுதினார். பண்பாடு எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது, போகிற வழியை மட்டும் எல்லோருக்கும் திறப்பதில்லை, அந்த இடைவெளிதான் அனோமி. அதற்கு மனிதர்கள் ஐந்து விதமாக ஈடுகொடுப்பதாகச் சொன்னார். இலக்கையும் வழியையும் ஏற்று நடப்பவர்கள், எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கிவிடுபவர்கள், இரண்டையுமே மாற்றக் கலகம் செய்பவர்கள் எங்கும் உண்டு. நம் பக்கம் பளிச்சென்று தெரிவது மற்ற இரண்டும். இலக்கை வைத்துக்கொண்டு வழியை மாற்றுவதை அவர் ‘புதுவழி’ என்றார், பெரிய வருமானம் தருவதாக ஜனங்களிடம் பணம் வாங்கி, பெருந்துறைப் பக்கம் 2012-ல் கவிழ்ந்த ஈமு கோழித் திட்டங்களை நடத்தியவர்களை அதில் வைக்கலாம். இன்னொன்று ‘சடங்குத்தனம்’: இலக்கின் மேல் நம்பிக்கை போனபிறகும் வழியை மட்டும் விடாமல் பிடித்திருப்பது. என் அண்ணனின் நோட்டில் மூன்று நிறத்தில் அடிக்கோடு இருக்கும், ‘பாஸ் ஆவியாண்ணா?’ என்றால் சிரிப்பான். பத்தாவது படித்தாலே எழுதக்கூடிய பரீட்சை அது.

ஆனால் இந்தக் கோட்பாட்டை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. நெறி உடைந்தது என்றால், முன்பு இருந்த நெறி யாருடையது? காடு வைத்திருந்தவர் வீட்டுப் பையனுக்கு அது ஏணி, அந்தக் காட்டில் பண்ணையத்துக்கு இருந்த குடும்பத்துப் பையனுக்கு அது வேலி. அவன் பனியன் கம்பெனிக்கு ஓடிவந்ததே அந்த நெறியிலிருந்து தப்பத்தான். துர்க்கைமே பிறப்பால் திணிக்கப்படும் வேலையைக் ‘கட்டாய உழைப்புப் பிரிவினை’ என்று தனியாகப் பிரித்துக் கண்டித்திருக்கிறார், அனோமியை எடுத்துக்கொள்கிற பலர் அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுகிறார்கள். பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். வேலை தேடினால்தான் கணக்கெடுப்பில் ‘வேலையில்லாதவர்’. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் தேடவில்லை என்று எழுதினால் அவள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். அவளுக்கு நெறி உடையவில்லை, இறுகியிருக்கிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் அனோமியை எல்லா இளைஞருக்கும் போர்த்தவில்லை. படிப்பு, வேலை, கல்யாணம் மூன்றும் ஒரே கயிற்றில் வரும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டு, அந்தக் கயிறு நடுவில் அறுந்து நிற்கிற பையன்களுக்குத்தான் அது சரியாகப் பொருந்துகிறது. போன வாரம் அதே பஸ்ஸில் ஒரு போர்டைக் காட்டி, ‘பீஸ் ரேட்டுக்குப் போனா இந்தக் கோச்சிங் ஃபீஸை ஒரு மாசத்துல எடுத்துடலாம்’ என்றான் அண்ணன். கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறான். பஸ் நின்றதும் நோட்டை எடுத்துக்கொண்டு கோச்சிங் பக்கம்தான் நடந்தான்.