உங்கள் எழுதுமேசை வியாழன் மாலை வருகிறது: ஆர்டர் எண் 48213, தாமதத்துக்கு மன்னிப்பு

வணக்கம் வசந்தி மேடம்,

நேற்று இரவு நீங்கள் எழுதிய மெயிலை இன்று காலை வந்ததும் படித்தேன். உடனே பதில் போடவில்லை. "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஏற்கெனவே இரண்டு மெயில் உங்களுக்கு வந்திருக்கிறது. மூன்றாவதாக அதையே நானும் எழுத விரும்பவில்லை. வண்டி கிளம்பியதை உறுதி செய்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மேசை மார்ச் 8ஆம் தேதி வந்திருக்க வேண்டும். இன்று 18. பத்து நாள் தாமதம். அதில் ஒரு நாள் நீங்கள் லீவு போட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அன்று மாலையே "வீட்டில் ஆள் இல்லை, டெலிவரி செய்ய முடியவில்லை" என்று செய்தி வந்திருக்கிறது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொய் சொன்னதைப் பொறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கோபம். தாமதத்துக்கும், வீணாய்ப் போன உங்கள் லீவுக்கும், அந்தப் பொய்ச் செய்திக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதலில் மேசை விஷயம். புத்தம் புதிய செட் ஒன்று இன்று மதியம் 12.40க்கு எங்கள் குடோனிலிருந்து கிளம்பிவிட்டது. வரும் வியாழக்கிழமை, 20ஆம் தேதி, மாலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் உங்கள் வீட்டுக்கு வரும். ஆறு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் அந்த நேரம். மேசையைப் பூட்டிக் கொடுப்பவரும் அதே வண்டியில் வருகிறார். வழக்கமாக அவர் இரண்டு நாள் கழித்துத் தனியாக வருவார். அதற்காக நீங்கள் இன்னொரு தடவை காத்திருக்கக் கூடாது. வேலை முடிய ஒரு மணி நேரம் ஆகும். மகளுக்கு 26ஆம் தேதி தேர்வு என்று சொல்லியிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஐந்து முழு நாட்களாவது அவள் அந்த மேசையில் உட்கார்ந்து படிக்கலாம். பதினேழு நாள் கிடைத்திருக்க வேண்டியது, தெரியும்.

என்னதான் நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். இன்று காலை நானே குடோனுக்கும் கூரியரின் இரண்டு மையங்களுக்கும் போன் போட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உங்கள் மேசை இரண்டு பெட்டிகளில் வருகிறது. ஒன்றில் மேல்பலகை, மற்றதில் கால்கள், இழுப்பறை, திருகுகள். இரண்டும் 5ஆம் தேதி ஒன்றாகத்தான் கிளம்பின. முதல் பெட்டி 6ஆம் தேதி இரவே உங்கள் பகுதி டெலிவரி மையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாவது பெட்டி வழியிலுள்ள பிரிப்பு மையத்தில் நின்றுவிட்டது. காரணம் ரொம்பச் சின்னது. எங்கள் குடோனில் பேக்கிங் செய்தவர் ஒட்டிய "கவனம், உடையும்" ஸ்டிக்கர் பார்கோடின் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. ஸ்கேனர் படிக்கவில்லை. படிக்க முடியாத பெட்டிகளை ஒரு கம்பிக் கூண்டில் தனியாகப் போடுவார்கள். அன்று மாலைக்குள் ஒருவர் வந்து எண்ணைக் கையால் தட்டி அனுப்ப வேண்டும். அதைச் செய்யவில்லை. இன்று காலை வரை பெட்டி அந்தக் கூண்டிலேயே கிடந்தது.

இரண்டு பெட்டிகளும் சேர்ந்தால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். ஆனால் எங்கள் கணினிக்கு முதல் பெட்டி வந்துவிட்டாலே ஆர்டர் மொத்தமும் வந்துவிட்ட கணக்கு. அதனால்தான் "இன்று டெலிவரி" என்று தினமும் காலையில் உங்களுக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஐந்து செய்திகள் வரிசையாக நிற்கின்றன. அதை இங்கே எல்லோருக்கும் காட்டினேன். யாராலும் ஒன்றும் பேச முடியவில்லை.

அடுத்தது 11ஆம் தேதி சமாச்சாரம். அன்று உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நீங்கள் சொன்னதுதான் உண்மை. டெலிவரி ஆட்கள் கையில் இருக்கும் செயலி, எந்த இடத்திலிருந்து பதிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்தே குறித்து வைக்கும். "ஆள் இல்லை" என்ற பதிவு மாலை 7.52க்கு டெலிவரி மையத்துக்கு உள்ளிருந்தே போடப்பட்டிருக்கிறது. அதே மூன்று நிமிடத்தில் இன்னும் எட்டுப் பார்சல்களுக்கும் அதே காரணம். நாள் முடிவதற்குள் பாக்கி ஆர்டர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் கொடுத்தால்தான் கணக்கை மூட முடியும்; யாரோ கைக்கு எட்டிய காரணத்தைத் தட்டியிருக்கிறார்கள். அந்த எட்டு வீடுகளுக்கும் இன்று போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். கூரியர் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போயிருக்கிறது. ஆனால் அது எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விவகாரம். நீங்கள் பணம் கட்டியது எங்களிடம், ஆகவே பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்.

இதையெல்லாம்விட எனக்குச் சங்கடமாக இருந்தது வேறு ஒன்று. 12ஆம் தேதியும் 14ஆம் தேதியும் எங்கள் கஸ்டமர் கேரில் நீங்கள் பேசிய பதிவுகளைக் கேட்டேன். இரண்டாவது தடவை நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "பெட்டி இப்போ எங்கே இருக்கு?" அதற்கு வந்த பதில், "சிஸ்டத்துல அவுட் ஃபார் டெலிவரின்னுதான் மேடம் காட்டுது." இன்று காலை நான் அதே கேள்வியைப் பிரிப்பு மையத்தில் கேட்டேன். இருபது நிமிடத்தில் பெட்டியைக் கண்டுபிடித்து போட்டோ அனுப்பினார்கள். நான்கு நாளுக்கு முன்னால் எங்களில் ஒருவர் திரையை விட்டுவிட்டு போனை எடுத்திருந்தால் இந்த மெயிலுக்கே வேலை இருந்திருக்காது. அதோடு, 14ஆம் தேதி உங்கள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டும் இருக்கிறது. அதை மறுபடி திறந்து என் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மேசையை நீங்கள் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மூடுவேன்.

கிடைத்துவிட்ட பெட்டியையே அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். போட்டோவில் அதன் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. உள்ளே கால் எதுவும் வளைந்திருக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் புது செட். பழைய பெட்டிகள் இரண்டும் எங்களிடமே திரும்பி வருகின்றன. தப்பித் தவறி அவற்றில் ஒன்றை யாராவது உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம், ஓடிபியும் சொல்ல வேண்டாம்.

இனி இந்த ஆர்டருக்குத் தானாக வரும் செய்திகள் எதுவும் உங்களுக்கு வராது, நிறுத்தச் சொல்லிவிட்டேன். பெட்டி எங்கே இருக்கிறது என்று புதன்கிழமை மாலை நானே போன் செய்து சொல்கிறேன். வியாழன் நான்கு மணிக்கு வண்டியில் இருப்பவர் பேசுவார். புதுப் பெட்டிகள் இரண்டின் லேபிளும் தெரிகிற மாதிரி ஏற்றும்போது எடுத்த போட்டோவை இதனுடன் இணைத்திருக்கிறேன். ஸ்டிக்கர் இந்த முறை பக்கவாட்டில்தான் இருக்கிறது.

பணம் பற்றி. டெலிவரிக்கும் பூட்டிக் கொடுப்பதற்கும் நீங்கள் கட்டிய தொகை முழுவதையும் இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். லீவு எடுத்ததற்கு ஈடு கேட்டிருந்தீர்கள். என் அதிகாரத்துக்குள் இருப்பது மேசை விலையில் பத்தில் ஒரு பங்கு; அதையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இழந்த ஒரு நாளுக்கு அது சமமாகாது, அப்படிச் சொல்லவும் மாட்டேன். நீங்கள் பணம் கட்டிய அதே கணக்குக்கு இரண்டும் வரும், வங்கியைப் பொறுத்து ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் ஆகலாம். இந்த மாதிரி நேரங்களில் "அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி" என்று ஒரு கூப்பன் வைத்து அனுப்புவது இங்கே வழக்கம். இந்த ஆர்டரே வந்து சேராத நிலையில் அதை நீட்டினால் உங்களுக்கு எரிச்சல்தான் வரும். வைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மேசையே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் அதுவும் சரிதான். இந்த மெயிலுக்கு "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், நேராக எனக்குத்தான் வரும். காரணம் கேட்க மாட்டோம். வண்டியை வழியிலேயே திருப்பிவிட்டு முழுப் பணத்தையும் அன்றே அனுப்பிவிடுவோம். வியாழன் இரவு எட்டு மணிக்குள் மேசை வரவில்லை என்றாலும் அப்படித்தான்: வெள்ளி காலை பத்து மணிக்கு நானே அழைப்பேன். காத்திருப்பதா, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதா என்பதை நீங்கள் சொன்னபடி அப்போதே செய்துவிடுவேன்.

வியாழக்கிழமை பெட்டிகள் வந்ததும் இரண்டும் இருக்கின்றனவா, மூலைகள் நசுங்காமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஓடிபி சொல்லுங்கள். அவர்கள் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, நிதானமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
கார்த்திகா
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்

பி.கு: திருகுகளும் சின்னச் சாவியும் ஒரு சிறு கவரில் இழுப்பறையின் அடிப்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கும். அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. பூட்டுபவர் எடுத்துக்கொள்வார், இருந்தாலும் அவர் கிளம்பும்போது அந்தச் சாவியை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மேசை லேசாக ஆடினால் கால் திருகுகளை அதை வைத்தே ஒரு சுற்று இறுக்கிவிடலாம்.