மூன்றாம் கூட்டுப்பெட்டி வீடியோ: தாள் நிரப்பும் முறை

உங்களுக்கு அனுப்பியிருப்பது box3_day2.mp4. நீளம் 4 மணி 10 நிமிடம். கேமரா பெட்டியின் வாசலை வெளியிலிருந்து பார்க்கிறது, உள்ளே நடப்பது தெரியாது. இந்தச் சிட்டுக்குருவி ஜோடி குஞ்சுகளுக்கு எத்தனை தடவை இரை கொண்டுவருகிறது, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதுதான் நமக்கு வேண்டும்.

VLC-யில் திறந்து 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். ] அழுத்தினால் வேகம் கூடும், [ அழுத்தினால் குறையும். குருவி வந்ததும் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் போய், e விசையால் ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பாருங்கள். அலகில் இருப்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி:

```
time,bird,act,beak,note
00:00:00,,START,,
00:12:41,M,IN,1,பச்சைப் புழு
00:12:58,M,OUT,2,
00:31:07,U,IN,9,முதுகு மட்டும்
```

bird: தொண்டையில் கறுப்பு இருந்தால் M, இல்லாமல் மங்கிய பழுப்பாக இருந்தால் F, தெரியாவிட்டால் U. act: வால் வரை உள்ளே போனால் IN, வெளியே வந்தால் OUT. வளர்ந்த குஞ்சு தலையை நீட்ட, வாசலில் நின்றபடியே ஊட்டினால் AT. அதற்கு OUT போட வேண்டாம். அணில், மைனா வந்தால் OTH. beak: 0 வெறும் அலகு, 1 இரை, 2 வெள்ளையான எச்சப் பை, 3 புல் அல்லது இறகு, 9 தெரியவில்லை.

எல்லாரும் தடுமாறும் இடம் U, 9 இரண்டும்தான். “இப்போதுதான் ஆண் போனது, அப்படியானால் இது பெண்ணாகத்தான் இருக்கும்” என்று மனசு கணக்குப் போடும். வேண்டாம். ஒரே பறவை அடுத்தடுத்து இரண்டு தடவை வருவது சகஜம். உள்ளே போனதாலேயே இரை கொடுத்தது என்றும் எழுதக் கூடாது. நிறைய 9 வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. ஊகித்துப் போட்ட 1-ஐத்தான் பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

நேரம் பிளேயர் காட்டுவது. படத்தின் மூலையில் ஓடும் கேமரா கடிகாரத்தை விட்டுவிடுங்கள், அது தப்பாக ஓடுகிறது. மணியையும் சேர்த்து 00:12:41 என்றே அடியுங்கள். 12:41 என்று மட்டும் போட்டால் எக்செல் அதை 12 மணி 41 நிமிடமாக எடுத்துக்கொள்ளும்.

ஒன்றுமே நடக்காத நேரமும் கணக்கில் உண்டு. அதனால் பார்க்கத் தொடங்கும்போது START, எழுந்து போகும்போது STOP என்று ஒரு வரி கட்டாயம். இல்லையென்றால் குருவி வரவில்லையா, நீங்கள் டீ குடிக்கப் போனீர்களா என்று எனக்குத் தெரியாது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள், அப்புறம் கண் ஏமாற்றும்.

முதல் 20 நிமிடத்தை இன்னொருவரும் தனியாகக் குறிக்கிறார். இருவரும் தாளை அனுப்பும்வரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டாம். பாதியில் ஒரு விதி தப்பாகப் புரிந்திருந்தது என்று தெரிந்தால், பழைய வரிகளைச் சத்தமில்லாமல் மாற்றாமல் என்னிடம் சொல்லுங்கள்.

சந்தேகமான வரியில் note-இல் ? போட்டால் போதும், நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சேமிக்கும்போது CSV UTF-8 தேர்ந்தெடுங்கள். சாதாரண CSV என்றால் உங்கள் தமிழ்க் குறிப்பெல்லாம் கேள்விக்குறியாகி வந்து சேரும்.