தெருப் பொங்கல் அழைப்பு

விளாங்குடி, மதுரை
2 ஜனவரி 2026

தெருவில் உள்ள நாற்பது வீட்டாருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு, ஜனவரி 11 அன்று நம் தெருப் பொங்கல். தை பிறக்கும் முன்பே பொங்கலா என்று பெரியவர்கள் கேட்கலாம். 15ஆம் தேதி வீட்டுப் பொங்கல் இருக்கும்; பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள்; மிச்சம் பேரில் பாதி அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். எல்லோரும் கூட இந்த ஞாயிறுதான் வாய்ப்பு. வாடகைக்கு இருப்பவர், புதிதாகக் குடிவந்தவர், பொங்கல் கொண்டாடும் வழக்கம் இல்லாதவர் எல்லோருமே வர வேண்டும்.

காலை 5 மணிக்குக் கோலம். வண்டிகளையும் கார்களையும் சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு ஐந்தடிக்கு ஐந்தடி இடம், ரோட்டின் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் ஆம்புலன்ஸ் வர வழி இருக்கட்டும். எந்தக் கோலமும் போடலாம். புள்ளிக்கோலம் என்றால் 15 புள்ளியில் தொடங்கி 8 வரை, இடுக்குப் புள்ளி, நான்கு விரல் இடைவெளி விட்டால் இடத்துக்குள் அடங்கும். நடு வரிசை 15ஐ முதலில் வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் நடுவில் கோணிக்கொள்ளும். தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் விட்டுப் போடுங்கள்: தேங்கி நின்றால் பொடி கரையும், ஒரேயடியாகக் காய்ந்தால் காற்றில் பறக்கும். கலர்ப்பொடியோடு தூள் உப்பு சரிபாதி கலந்தால் திட்டுத்திட்டாக இல்லாமல் பரவும். பரிசு கிடையாது. போன தடவை நடுவர்கள் பட்ட பாடு போதும்.

7 மணிக்குக் காலிமனையில் எட்டு அடுப்பு. வரிசையாக ஐந்து வீட்டுக்கு ஒன்று; 1 முதல் 5ஆம் எண் வீடுவரை முதல் அடுப்பு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல், மணல், பனைமட்டை, விறகு எல்லாம் இறக்கிவைக்கப்படும். சிமெண்டுத் தளத்தில் நேராக அடுப்பு மூட்டக் கூடாது, சூட்டில் வெடித்துத் தெறிக்கும். நான்கு விரல்கடை மணல் பரப்பித்தான் கல் வைக்க வேண்டும்.

ஒரு பானைக்கு, சுமார் இருபது பேருக்கு: பச்சரிசி 1 கிலோ, லேசாக வறுத்த பாசிப்பருப்பு 200 கிராம், மண்டைவெல்லம் ஒன்றரை கிலோ, பால் அரை லிட்டர், நெய் கால் கிலோ, முந்திரி 100, திராட்சை 50 கிராம், ஏலக்காய் 10 கிராம். இவை குழுவின் பொறுப்பு. பத்து லிட்டர் பித்தளை அல்லது எவர்சில்வர் பானை உங்கள் பொறுப்பு. வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தால் கரி சுலபமாகக் கழுவிப் போகும். மண்பானை என்றால் முந்தைய நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறாத புதுப்பானை தீயில் விரியும்.

பாலும் தண்ணீருமாகக் கழுத்துவரை ஊற்றினால்தான் பொங்கி வழியும். வழிந்ததும் மூன்று லிட்டர் மொண்டு தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போடுங்கள். மொள்ளாமல் போட்டால் அரிசியும் சேர்ந்து அடுப்பில்தான் விழும். மொண்ட தண்ணீரைத் தேவைக்கு ஏற்பத் திரும்ப ஊற்றலாம். அரிசி குழைந்து, விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதற்குப் பிறகே வெல்லம். முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொண்டு எவ்வளவு எரித்தாலும் வேகாது. வெல்லத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். ஊற்றியபின் தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். அடிப்பிடிப்பது அந்தக் கட்டத்தில்தான். அடுப்படியில் நிற்பவர்கள் நைலான் சேலை வேண்டாம், பருத்தி கட்டி வாருங்கள்.

பலகாய்க் குழம்புக்கு வீட்டுக்கு ஒரு காய், கால் கிலோ, நறுக்கியே கொண்டுவாருங்கள். இரட்டைப்படை எண் வீடுகள் உரித்த மொச்சை அல்லது அவரை. ஒற்றைப்படை வீடுகள் பூசணி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி. வெண்பொங்கலைச் சமையல்காரர் பார்த்துக்கொள்வார். 10 மணிக்கு வாழையிலைப் பந்தி.

11 மணிக்குப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. சாக்கு ஓட்டம் மணல் பக்கம் மட்டும், ரோட்டில் விழுந்தால் முட்டி பேர்ந்துவிடும். சின்னதுகளுக்கு எலுமிச்சை ஸ்பூன், பெண்பிள்ளை ஆண்பிள்ளை எல்லோருக்கும் பம்பரமும் பல்லாங்குழியும். புளியங்கொட்டை இருந்தால் கொடுத்தனுப்புங்கள், ஒரு பலகைக்கு எழுபது வேண்டும். உறியடி கடைசியில், வேப்பமரத்தில். கயிற்றுக்குப் பதினைந்தடி தள்ளித்தான் எல்லோரும் நிற்க வேண்டும். பானை உடைந்ததும் மிட்டாய் பொறுக்கப் பிள்ளைகள் பாய்வார்கள், ஓட்டாஞ்சல்லி காலைக் கிழிக்கும். செருப்பில்லாமல் அனுப்ப வேண்டாம். ஆளுக்கொரு துண்டு மேலூர் செங்கரும்பு உண்டு.

வீட்டுக்கு 300 ரூபாய். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், வந்தால் போதும். யார் கொடுத்தார், கொடுக்கவில்லை என்று பட்டியல் ஒட்டப்படாது, வரவு செலவு மட்டும் ஒட்டப்படும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை 8ஆம் தேதி வியாழன் இரவுக்குள் முனைக்கடை நோட்டில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் அரிசியும் வெல்லமும் வாங்கப் போகிறோம்.

இப்படிக்கு,
தெருப் பொங்கல் குழுவினர்