செயற்குழு வாட்ஸ்அப் குழுவில் எமோஜி இடுவதற்கான விதிகள்

குடியிருப்போர் சங்கச் செயற்குழு உறுப்பினர்கள் 11 பேருக்கும் வணக்கம்.

மாடிப்படிச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை ஏன் இரண்டாவது தளத்தோடு நிற்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிறத்தின் மாதிரிப் படம் குழுவில் வந்தது. ஏழு பேர் கட்டைவிரல் இட்டார்கள். ஒப்பந்ததாரரிடம் சொல்லி வேலை தொடங்கியது. பிறகு அந்த ஏழு பேரில் நான்கு பேர், "படம் வந்து சேர்ந்தது என்பதற்காக இட்டேன், அந்த நிறம் வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, வேலையைத் தொடங்கச் சொன்னவர்கள் நம்பியதிலும் பிசகு இல்லை. இப்படி இரு தரப்பும் சரியாக இருந்தும் காரியம் கெடுவதைத் தடுக்க விதிகள் எழுதும்படி சென்ற ஞாயிறு கூட்டத்தில் என்னிடம் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன்.

1. கட்டைவிரலின் பொருள்

இந்தக் குழுவில் 👍 என்றால் "படித்துவிட்டேன்". அவ்வளவுதான். சம்மதம், ஆதரவு, "நான் செய்கிறேன்" என்ற வாக்குறுதி ஆகிய எதுவும் அதற்குள் இல்லை. 🙏, ❤️ ஆகியவற்றுக்கும் இதே விதி. யார் இட்டாலும், எத்தனை பேர் இட்டாலும், எண்ணிக்கையைக் காட்டி "பெரும்பான்மை ஒப்புக்கொண்டது" என்று யாரும் வாதிட முடியாது.

படித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் இட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. குழுச் செய்தியை யார் யார் படித்தார்கள் என்பதை அனுப்பியவர் செய்தி விவரத்தில் பார்த்துக்கொள்ளலாம். படித்ததைக் காட்டும் வசதியை அணைத்து வைத்திருப்பவர்களுக்கும் குழுவில் இது பொருந்தும்படி வாட்ஸ்அப்பே ஏற்பாடு செய்திருக்கிறது.

2. சம்மதம் எழுத்தில்தான்

சம்மதிப்பவர் கேள்வி இருக்கும் செய்திக்கே பதிலாக, எதற்குச் சம்மதம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "சம்மதம், தொட்டி சுத்தம் செய்வது சனிக்கிழமை" என்பது போதும். வெறும் "சரி" போதாது. இரண்டு நாள் கழித்துப் பின்னோக்கித் தள்ளிப் படிக்கும்போது அந்தச் "சரி" எந்தச் செய்திக்கு என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை.

மறுப்பவர் "எதிர்ப்பு" என்று எழுதலாம். காரணம் சொன்னால் நல்லது, சொல்லாவிட்டாலும் எதிர்ப்பு எதிர்ப்புதான். "யோசிக்கிறேன், வியாழன் இரவுக்குள் சொல்கிறேன்" என்பதும் முழுமையான பதிலாக ஏற்கப்படும். பலர் கட்டைவிரலைத் தேடுவதே இந்த மூன்றாவது பதிலை எழுதக் கூச்சப்பட்டுத்தான் என்பது என் எண்ணம். கூச்சம் வேண்டாம்.

தட்டச்சு செய்வது சிரமம் என்பவர்கள் குரல் செய்தியாகச் சொல்லலாம். நான் அதைக் கேட்டு எழுத்தில் இடுவேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், எமோஜி ஒரு சம்மதத்தைத் தாங்குவதற்கு ஏற்ற இடமே இல்லை. செய்தியை அனுப்பியவருக்கு மட்டும்தான் அதைப் பற்றிய அறிவிப்பு போகிறது, மற்ற ஒன்பது பேருக்குப் போவதில்லை. இட்டதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், வேறொன்றாக மாற்றிவிடலாம். தேடுபெட்டியில் தேடினால் கிடைக்காது. உரையாடலை ஏற்றுமதி செய்து ஆண்டுக் கோப்பில் சேர்க்கும்போது எமோஜிகள் அதில் வருவதுமில்லை. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் "இதை யார் ஒப்புக்கொண்டது?" என்று கேட்டால், அந்தக் கோப்பில் ஒரு கேள்வியும் அதன் கீழே வெற்றிடமும்தான் இருக்கும்.

3. கேட்பவரின் கடமை

இந்த விதிதான் முக்கியம். குழப்பத்துக்குக் காரணம் கட்டைவிரல் இடுபவர் என்றே எல்லோரும் பேசுகிறோம். பெரும்பாலான நேரம் கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் குழுவில் வந்த ஒரு செய்தியைச் சற்றே சுருக்கித் தருகிறேன்: "மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. பழைய நிறுவனத்தையே தொடரலாம் என்று நினைக்கிறேன். காவலாளிக்கு மழைக்கோட்டு வாங்கியாயிற்று. ஞாயிறு கூட்டத்தை மாலைக்கு மாற்றலாமா? அனைவருக்கும் நன்றி." இதற்கு ஐந்து கட்டைவிரல்கள். ஒப்பந்தத்துக்கா, மழைக்கோட்டுக்கா, மாலைக்கா, நன்றிக்கா? இட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே நினைத்து இட்டிருப்பார்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

ஆகவே ஒரு செய்தியில் ஒரு கேள்வி மட்டும் இருக்க வேண்டும். செய்தியின் முதல் சொல்லே அது எந்த வகை என்று காட்ட வேண்டும். "தகவல்:" என்று தொடங்கினால் பதில் தேவையில்லை. "முடிவு தேவை:" என்று தொடங்கினால் எழுத்தில் பதில் வேண்டும். இரண்டாம் வகையில் கடைசி நாளும் நேரமும் கட்டாயம். இப்படி:

"முடிவு தேவை: மின்தூக்கிப் பராமரிப்பை இப்போதைய நிறுவனத்துக்கே மேலும் ஓர் ஆண்டு கொடுக்கலாமா? சம்மதம் அல்லது எதிர்ப்பு என்று புதன் இரவு 9 மணிக்குள் எழுதவும். ஆறு பேரின் சம்மதம் வராவிட்டால் ஞாயிறு கூட்டத்துக்குப் போகும்."

"என்ன சொல்கிறீர்கள்?", "பார்த்துச் சொல்லுங்கள்" என்று முடியும் செய்திகள் முடிவு கேட்பவையாகக் கருதப்படமாட்டா. எல்லோரும் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டு "நாளை முதல் இப்படிச் செய்கிறோம், சரிதானே?" என்று கேட்பதையும் தவிர்க்கவும். அதற்கு "இல்லை" என்று எழுதுவதற்குத் தனித் துணிச்சல் தேவைப்படுகிறது.

4. செய்தியைத் திருத்துவது

அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் செய்தியைத் திருத்த வாட்ஸ்அப் அனுமதிக்கிறது. திருத்தப்பட்டது என்று சிறிய எழுத்தில் காட்டுமே தவிர, முன்பு என்ன இருந்தது என்பதைக் காட்டாது. முதல் ஐந்து நிமிடத்தில் பதில் சொன்னவர் வேறொரு வாசகத்துக்குப் பதில் சொன்னவராகிறார். "முடிவு தேவை" செய்தியில் எழுத்துப் பிழையைத் தவிர எதையும் திருத்தக் கூடாது. தேதியோ தொகையோ பெயரோ மாறினால் பழையதைக் கைவிட்டுப் புதிய செய்தி இடவும். பழைய பதில்கள் புதியதற்குச் செல்லாது.

5. மௌனம்

"மௌனம் சம்மதம்" என்பது கல்யாணப் பேச்சில் எடுபடலாம், செயற்குழுவில் எடுபடாது. பதில் சொல்லாதவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம், உடல்நலம் சரியில்லாமல் இருக்கலாம், குழுவையே ஓசை அடைத்து வைத்திருக்கலாம். கடைசி நேரத்துக்கு ஒரு நாள் முன்பு, பதில் சொல்லாதவர்களை நான் தொலைபேசியில் அழைப்பேன். தொலைபேசியில் சொல்வதைக் குழுவில் எழுதி, அவரையே சரிபார்க்கச் சொல்வேன். கட்டைவிரல் மட்டும் இட்டவருக்கும் அழைப்பு வரும். அவரும் பதில் சொல்லாதவர்தான்.

6. பணம்

செலவு, முன்பணம், ஒப்பந்தம் ஆகியவற்றில் எமோஜிக்கு எந்த மதிப்பும் இல்லை. தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரும் தனித்தனியாக எழுத்தில் சம்மதித்த பிறகே பொருளாளர் பணம் கொடுப்பார். வெளியாட்களோடு பேசும்போது இன்னும் கவனம் தேவை. ஒப்பந்ததாரரோ விற்பனையாளரோ விலைப்பட்டியல் அனுப்பினால் கட்டைவிரல் அனுப்பாதீர்கள். "கிடைத்தது, செயற்குழு முடிவுக்குப் பின் சொல்கிறோம்" என்று எழுதுங்கள்.

இது வீண் பயம் அல்ல. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021இல் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதிசெய்யும்படி கேட்டு ஒரு விவசாயிக்கு அனுப்பியது. பதிலாக 👍 வந்தது. விதை வரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்காகவே அதை இட்டதாக விவசாயி சொன்னார். இருவருக்கும் இடையே முன்பும் இதே போன்ற ஓரிரு சொல் பதில்களிலேயே ஒப்பந்தங்கள் உறுதியாகியிருந்தன என்பதைக் கவனித்த நீதிமன்றம், 2023இல் அதைச் சம்மதமாகவே கொண்டு 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2024இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை. அங்கே கட்டைவிரலின் பொருளை முடிவு செய்ததில் அவர்களின் பழைய வழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வழக்கம் என்ன என்பதை நாமே முன்கூட்டி எழுதி வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

7. எமோஜியே போதும் என்ற இடங்கள்

"தகவல்: இன்று மாலை 4 முதல் 6 வரை தண்ணீர் வராது" போன்ற செய்திக்குத் தாராளமாகக் கட்டைவிரல் இடலாம். பதினொரு பேரும் "நன்றி" என்று எழுதித் தொலைபேசியை அலறவைப்பதைவிட அது எவ்வளவோ மேல். கூட்டத்துக்கு வருவோர் எண்ணிக்கை எடுக்க, கேட்பவர் "வருபவர்கள் ✋ இடவும்" என்று குறிப்பிட்டுக் கேட்கலாம். 👍 தவிர வேறு எமோஜியாக இருக்க வேண்டும். ஒரு செய்திக்கு ஒருவர் ஓர் எமோஜிதான் இட முடியும் என்பதால் எண்ணுவது எளிது.

இரண்டு மூன்று தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தலாம். 12 விருப்பங்கள் வரை அதில் இடம் உண்டு. "எதுவும் வசதிப்படாது" என்பதையும் ஒரு விருப்பமாகச் சேர்க்காத வாக்கெடுப்பு செல்லாது.

8. புகார்களும் துக்கச் செய்தியும்

யாராவது புகார் எழுதினால் அதற்கு 😂 இடக் கூடாது. வேடிக்கையாக எழுதியிருந்தாலும் கூடாது. இறப்புச் செய்திக்குக் கட்டைவிரல் வேண்டாம். இதை விதியாக எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

9. கைதவறி இட்டது

கைபட்டு விழுந்த எமோஜியை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஏன் இட்டாய், ஏன் எடுத்தாய் என்று விசாரணை கிடையாது. "நீங்கள்தானே அன்றைக்குக் கட்டைவிரல் போட்டீர்கள்" என்ற வாக்கியம் இன்று முதல் இந்தக் குழுவிலும் கூட்டத்திலும் தடை.

10. அவசரம்

நள்ளிரவில் நீரேற்றும் மோட்டார் எரிந்துபோனால் ஆறு பேரின் எழுத்துக்குக் காத்திருக்க முடியாது. தலைவரும் பொருளாளரும் பேசி முடிவெடுத்துக் குழுவில் தெரிவிப்பார்கள். அதற்கு வரும் கட்டைவிரல்கள் அந்தச் செலவுக்கான ஒப்புதல் ஆகா. அடுத்த கூட்டத்தில்தான் ஒப்புதல்.

11. முடிவைப் பதிவது

கடைசி நேரம் கடந்ததும் "முடிவு:" என்று தொடங்கும் செய்தியில் யார் சம்மதித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு எழுதி, குழுவின் உச்சியில் 7 நாள்கள் பொருத்தி வைப்பேன். தவறு இருந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லவும். அதுவரை யாரும் ஒப்பந்ததாரரை அழைக்க வேண்டாம்.

முடிவு தேவை: இந்த 11 விதிகளையும் வரும் திங்கள் முதல் நடைமுறைப்படுத்தலாமா? வெள்ளி இரவு 9 மணிக்குள் "சம்மதம், எமோஜி விதிகள்" அல்லது "எதிர்ப்பு, எமோஜி விதிகள்" என்று எழுதவும். ஒரு விதியை மட்டும் எதிர்த்தால் அதன் எண்ணைக் குறிப்பிடவும். ஆறு பேரின் சம்மதம் வராவிட்டால் ஞாயிறு கூட்டத்தில் மறுபடி பேசுவோம்.

செயலாளர்